மலையாளக் கடிதத்தைத் தமிழாக்கி வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன்: ஏமாற்றுச் சொற்களைப் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றும்போது வரும் பிழைகள் இரண்டு வகை. ‘புதன்கிழமை யோகம் உண்டு’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் சிரித்துவிட்டு ‘கூட்டத்தைச் சொல்றீங்களா?’ என்று கேட்டுக்கொள்வார். மலையாளத்தில் யோகம் என்றால் கூட்டம். அங்கேயே அந்தப் பிழை தீர்ந்துவிடும். ‘பெரிய தொகையை முடக்கியிருக்கிறோம்’ என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். மூலத்தில் முதலீடு என்று இருந்தது, தமிழில் பணம் எங்கோ சிக்கிக்கொண்டதாக ஆகிவிடும். வாடிக்கையாளர் அதை நம்பி அடுத்த ஆர்டரை நிறுத்திவைப்பார்.

எழுத்தில் ஒன்றாகத் தெரிந்து பொருளில் விலகும் இப்படிப்பட்ட சொற்களை இங்கே ஏமாற்றுச் சொற்கள் என்று குறிப்பிடுகிறேன். உளறலாகத் தெரியும் பிழையைத் தேட வேண்டியதில்லை, அதுவே கண்ணில் குத்தும். தேட வேண்டியது ஒழுங்காகப் பொருள் தரும் பிழையை. கீழே உள்ள படிகளின் வரிசை அதை மனத்தில் வைத்து அமைந்தது. வரிசையை மாற்றினால் பலன் பாதியாகும், ஏன் என்பது அந்தந்த இடத்தில் வரும்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலக் கடிதமும் தமிழாக்கமும் தனித்தனித் தாளிலோ தனித்தனித் திரையிலோ இருக்கட்டும். வரிக்கு வரி பக்கத்தில் பக்கத்தில் வைத்த அட்டவணை மொழிபெயர்க்கும்போது உதவும். சரிபார்க்கும்போது அதுதான் முதல் எதிரி.

அகராதி இரண்டு வேண்டும். மலையாளச் சொல்லுக்கு olam.in போன்ற இணைய அகராதி போதும். தமிழ்ப் பக்கத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இந்த வேலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் தவிர்ப்பது நல்லது. அது பழைய பொருளையும் இன்றைய பொருளையும் சேர்த்தே தரும். ‘உத்தரம்’ என்று தேடினால் ‘விடை’ என்ற பொருளும் கிடைக்கும். மலையாளத்திலும் அதுதான் பொருள் என்பதால் ‘சரியாகத்தானே எழுதியிருக்கிறோம்’ என்று மனம் சமாதானமாகிவிடும். ஆனால் இன்று கோவையில் கடை வைத்திருப்பவருக்கு உத்தரம் என்றால் கூரையைத் தாங்கும் கட்டை.

மூன்றாவதாக, மலையாளம் சுத்தமாகத் தெரியாத ஒருவர். 6-ஆம் படியில் அவர் தேவைப்படுவார், அதனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எழுதியவரிடம் சந்தேகம் கேட்க ஒரு தொடர்பு எண்ணும் வேண்டும்.

## 2. மாதிரிக் கடிதம்

ஆலப்புழையில் கயிற்றுக் கால்மிதி செய்யும் நிறுவனம் ஒன்று, கோவையில் உள்ள கடைக்காரருக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர்தான் வாடிக்கையாளர். நனைந்து வந்த சரக்கை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். கடிதம் ஒரு திங்கட்கிழமை எழுதப்பட்டது. மலையாள வாசகத்தைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

> மான்யரே, தாங்கள் திரிச்சயச்ச சரக்கு கைப்பற்றி. நாலு கெட்டு சவிட்டி நனஞ்ஞு கேடாயிட்டுண்டு. இதின்றெ உத்தரவாதித்தம் லோரிக் கம்பனிக்காணு. ப்ரச்னம் பரிஹரிக்கான் மற்றந்நாள் யோகமுண்டு. விரோதமில்லெங்கில் தாங்களும் பங்கெடுக்கணம். புதிய யந்த்ரத்தினு வலிய துக முடக்கியிரிக்குந்நதினால் பாக்கி பணம் ஒராழ்ச கழிஞ்ஞு தராம். புத்திமுட்டுண்டாயதில் கேதிக்குந்நு.

புதிதாக வேலைக்கு வந்தவர் கையில் இது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

> மதிப்புக்குரியவர்களே, தாங்கள் திருப்பி அனுப்பிய சரக்கைக் கைப்பற்றினோம். நான்கு கட்டுக் கால்மிதி நனைந்து கெட்டுவிட்டது. இதன் உத்தரவாதம் லாரி கம்பெனிக்கு. பிரச்சினைக்குப் பரிகாரம் காண மறுநாள் கூட்டம் உண்டு. விரோதம் இல்லையென்றால் தாங்களும் பங்கெடுக்க வேண்டும். புதிய இயந்திரத்துக்குப் பெரிய தொகையை முடக்கியிருப்பதால் பாக்கிப் பணத்தை ஒரு வாரம் கழித்துத் தரலாம். கஷ்டம் உண்டானதில் வருந்துகிறோம்.

யோகத்தையும் புத்திமுட்டையும் தாண்டி வந்துவிட்டார். அவை தமிழில் பொருந்தாது என்று காதே சொல்லிவிட்டது. மீதமிருப்பவைதான் கவனிக்க வேண்டியவை.

## 3. மூலத்தை மூடிவிட்டுத் தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்

மொழிபெயர்த்த கையோடு இதைச் செய்யாதீர்கள். வேறு ஒரு வேலையை முடித்துவிட்டு வாருங்கள். மலையாள வாக்கியம் நினைவில் சூடாக இருக்கும்வரை, ‘கைப்பற்றினோம்’ என்பதைப் படித்தாலும் மனம் ‘பெற்றுக்கொண்டோம்’ என்றே புரிந்துகொள்ளும். கண் தமிழைப் படிக்கும், தலை மலையாளத்தைப் படிக்கும்.

படிக்கும்போது உங்களைக் கோவைக் கடைக்காரராகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், ‘இவர் எனக்கு என்ன சொல்கிறார்?’ என்பதைப் பேச்சுத் தமிழில் ஒரு வரியாகச் சொல்லிப் பாருங்கள். ‘சரக்கைப் புடிச்சு வச்சுட்டாங்களாம்.’ ‘லாரிக்காரன் கேரண்டி குடுக்கிறானாம்.’ இப்படிச் சொன்னவுடனே பாதிப் பிழை தலைகாட்டும். எழுத்துத் தமிழின் விறைப்பு பல தவறுகளை மறைத்துவிடுகிறது. பேச்சுக்கு இறக்கினால் அந்த மறைப்பு போய்விடும்.

இந்தச் சுற்றில் திருத்தம் எதுவும் செய்யாதீர்கள். ஓரத்தில் கோடு மட்டும் போடுங்கள். முதல் வாக்கியத்தைத் திருத்த அகராதியைத் திறந்தால் மூலத்தையும் திறப்பீர்கள், பிறகு மற்ற வாக்கியங்களைப் புதுக் கண்ணோடு படிக்க முடியாது. அந்தப் புதுக் கண் ஒரு கடிதத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும்.

## 4. இரு மொழியிலும் உள்ள சொற்களை வட்டமிடுங்கள். பணம், நாள், பொறுப்பு முதலில்

இப்போது மூலத்தைத் திறக்கலாம். மலையாளத்திலும் தமிழிலும் ஒரே உருவில், அல்லது ஏறக்குறைய ஒரே உருவில் இருக்கும் சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: மூலம் குஜராத்தியில் இருந்திருந்தால் இந்த இடத்தில் இதே தமிழ்ச் சொல் வந்திருக்குமா? ‘ஆம்’ என்றால் விட்டுவிடுங்கள். தயக்கம் வந்தால் அகராதியைப் பாருங்கள்.

வட்டமிட்டது எல்லாம் தவறு என்று எண்ணிவிட வேண்டாம். விலை, சம்மதம், இறக்குமதி எல்லாம் இரு பக்கமும் ஒன்றே. ‘ஒராழ்ச கழிஞ்ஞு’ என்பதை ‘ஒரு வாரம் கழித்து’ என்று எழுதியதும் சரி. ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் நல்ல சொல்லையும் மாற்றி, ‘ஒரு வாரம் முடிவடைந்ததன் பின்னர்’ என்று இழுப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணும் குறை.

பார்க்கும் வரிசை முக்கியம். கடிதத்தின் முதல் வரியிலிருந்து வராதீர்கள். பணத்தைச் சொல்லும் வாக்கியம், நாளைச் சொல்லும் வாக்கியம், யார் பொறுப்பு என்று சொல்லும் வாக்கியம் ஆகிய மூன்றையும் முதலில் எடுங்கள். நேரம் போதாமல் பாதியில் எழுந்தாலும், சண்டைக்கு இடமாகும் இடங்கள் பார்க்கப்பட்டிருக்கும்.

முடக்கம். மலையாளத்தில் ‘பணம் முடக்கி’ என்றால் முதல் போட்டார்கள். முதலீட்டுக்கே ‘முதல்முடக்கு’ என்றுதான் பெயர். தமிழில் முடக்கம் என்பது அசையாமல் போவது, கணக்கை முடக்குவது. குழப்பத்தைக் கூட்ட இன்னொன்றும் உண்டு: மலையாளத்திலும் ‘முடங்ஙி’ என்றால் நின்றுபோனது என்றுதான் பொருள். ஆக முடக்கி என்பது வேறு, முடங்ஙி என்பது வேறு. மூலத்தில் எது இருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் பாருங்கள். நம் கடிதத்தில் இருப்பது முதல் வகை. ‘இயந்திரத்தில் முதலீடு செய்திருக்கிறோம்’ என்று வர வேண்டும்.

பாக்கி. இது பாதி ஏமாற்று, அதனால்தான் தப்பிவிடுகிறது. மலையாளத்தில் பாக்கி என்பது மிஞ்சியது எதுவானாலும். தமிழில் வியாபாரக் கடிதத்தில் பாக்கி என்று கண்டால் ‘நான் இவர்களுக்குத் தர வேண்டியது’ என்றே கடைக்காரர் எடுத்துக்கொள்வார். இங்கே பணம் தரப்போவது ஆலப்புழைக்காரர். ‘உங்களுக்குச் சேர வேண்டிய மீதித் தொகை’ என்று எழுதினால் திசை தெளிவாகும்.

மற்றந்நாள். நாளை மறுநாள் என்பதே இதன் பொருள். திங்கட்கிழமை எழுதிய கடிதத்தில் இது புதன்கிழமையைக் குறிக்கும். ‘மறுநாள்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் செவ்வாய்க்கிழமை கிளம்பி வந்துவிடுவார். ‘நாளை மறுநாள்’ என்று எழுதுவதும் முழுத் தீர்வு அல்ல, ஏனென்றால் கடிதம் ஒரு நாள் தாமதமாகப் படிக்கப்பட்டால் கணக்கு மாறும். கிழமையும் தேதியும் போட்டுவிடுங்கள். இதே காரணத்தால் ‘ஒரு வாரம் கழித்து’ என்பதற்கும் தேதி கேட்டு வாங்குவது நல்லது. அதை நீங்களே கணக்குப் போட்டு எழுதக் கூடாது. வாக்குக் கொடுப்பவர் அவர், நீங்கள் இல்லை.

உத்தரவாதித்தம். மலையாளத்தில் பொறுப்பு. தமிழில் உத்தரவாதம் என்பது உறுதி, கேரண்டி. ‘இதன் உத்தரவாதம் லாரி கம்பெனிக்கு’ என்றால் லாரிக்காரர் ஏதோ கேரண்டி கொடுத்திருக்கிறார் என்றோ, லாரிக்காரருக்கு இவர்கள் கேரண்டி கொடுக்கிறார்கள் என்றோ பொருள்படும். சேதத்துக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி எழும் நாளில் இந்த ஒரு வரியைத்தான் இரு தரப்பும் எடுத்துக் காட்டும். ‘இதற்கு லாரி நிறுவனமே பொறுப்பு’ என்பது சரி.

கைப்பற்றி. கேரளத்து ரசீதுகளில் ‘துக கைப்பற்றி’ என்று சாதாரணமாக இருக்கும், தொகை வாங்கியாயிற்று என்று பொருள். தமிழில் போலீஸ்தான் கைப்பற்றும். ‘வந்து சேர்ந்தது’ அல்லது ‘பெற்றுக்கொண்டோம்’ என்று எழுதலாம்.

பரிகாரமும் விரோதமும் இந்த அளவுக்கு ஆபத்தில்லை. மலையாளத்தில் பரிஹாரம் என்பது எந்தச் சிக்கலுக்குமான தீர்வு. தமிழ்நாட்டில் பரிகாரம் என்றதும் கோயிலும் விளக்கும் நினைவுக்கு வரும் (யாழ்ப்பாணத்தில் பரிகாரி நாட்டு வைத்தியர், அது வேறு கதை). ‘விரோதமில்லெங்கில்’ என்பது ‘ஆட்சேபம் இல்லையென்றால்’ என்ற மென்மையான வேண்டுகோள். தமிழில் விரோதம் பகை. ‘நமக்குள் பகை இல்லையென்றால் வாருங்கள்’ என்று அழைப்பது போல ஆகிவிடும். ‘உங்களுக்கு வசதிப்பட்டால்’ போதும்.

## 5. வினைமுடிவுகளையும் வேற்றுமைகளையும் தனியாக ஒரு சுற்று பாருங்கள்

சொல் எல்லாம் சரியாகி, வாக்கியம் மட்டும் மலையாளமாகவே நிற்கும் நிலை ஒன்று உண்டு. சொல்லையும் வாக்கிய அமைப்பையும் ஒரே சுற்றில் பார்த்தால் சொல்தான் கவனத்தை இழுக்கும். அதனால் இதற்குத் தனிச் சுற்று.

முதலில் ‘-ஆம்’ முடிவு. இந்த வேலையில் மிகப் பெரிய நட்டம் வருவது இதனால்தான் என்பது என் கருத்து. மலையாளத்தில் ஒருவர் தன்னைப் பற்றிப் பேசும்போது ‘செய்யாம்’ என்றால் ‘செய்து தருகிறேன்’ என்று ஒப்புக்கொள்கிறார். ‘தராம்’ என்றால் ‘தருகிறேன்’. உருவத்தில் இது தமிழின் ‘செய்யலாம்’, ‘தரலாம்’ என்பதை ஒத்திருப்பதால் அப்படியே கை போய்விடுகிறது. தமிழில் ‘தரலாம்’ என்பதில் வாக்குறுதி கிடையாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அல்லது எதிரில் இருப்பவருக்கு அனுமதி.

நம் வரைவைப் பாருங்கள். ‘பாக்கிப் பணத்தை ஒரு வாரம் கழித்துத் தரலாம்.’ எழுவாய் இல்லை, ‘பாக்கி’ இருக்கிறது, ‘தரலாம்’ இருக்கிறது. கடைக்காரர் படிப்பது: ‘நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒரு வாரம் கழித்துத் தந்தால் போதும்.’ சேதமான சரக்கைத் திருப்பி அனுப்பியவரிடம் பணம் கேட்பது போல ஆகிவிட்டது. மூலத்தில் சொன்னதற்கு நேர் எதிர், வாக்கியத்தில் ஒரு இலக்கணப் பிழைகூட இல்லை.

மலையாளத்தில் எல்லா ‘-ஆம்’ முடிவும் வாக்குறுதி அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ‘மழ பெய்யாம்’ என்றால் மழை பெய்யக்கூடும். ‘தாங்கள்க்கு வராம்’ என்றால் நீங்கள் வரலாம், அனுமதி. பேசுபவரே செய்யும் காரியமாக இருந்தால் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டு, ‘தருகிறோம்’, ‘அனுப்புகிறோம்’ என்று எழுதுங்கள். சரிபார்க்கும் எளிய வழி: தமிழ்க் கோப்பில் Ctrl + F அழுத்தி ‘லாம்’ என்று தேடுங்கள். வரும் ஒவ்வொன்றிலும் யார் செய்யும் காரியம் என்று கேளுங்கள்.

அடுத்தது எழுவாய். மலையாள வினை ஆளைக் காட்டாது. ‘கைப்பற்றி’ என்பது நான், நாங்கள், அவர் எல்லோருக்கும் பொது. தமிழ் வினைமுற்று ஆளைக் காட்டியே தீரும். மூலத்தில் எழுவாய் இல்லாத இடங்களில் மொழிபெயர்ப்பவர்தான் ஆளை முடிவு செய்கிறார், பெரும்பாலும் தன்னை அறியாமலே. அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, முன்பின் வாக்கியங்களைப் பார்த்து உறுதி செய்யுங்கள். உறுதியாகாவிட்டால் எழுதியவரிடம் கேளுங்கள்.

வேற்றுமை உருபு. ‘உண்டாயதில் கேதிக்குந்நு’ என்பதில் ‘-இல்’ மலையாள வழக்கு. தமிழில் சிரமத்துக்கு வருந்துவோம், ‘சிரமம் உண்டானதில்’ வருந்த மாட்டோம். இதனால் பொருள் கெடாது, ஆனால் ‘இது மொழிபெயர்த்த கடிதம்’ என்பது வெளியே தெரிந்துவிடும். ‘கூட்டம் உண்டு’ என்பதும் அப்படியே. ‘கூட்டம் நடக்கிறது’ என்று சொல்வோம்.

மரியாதை. மலையாளத்தில் ‘பங்கெடுக்கணம்’ என்பது பணிவான அழைப்பாகவும் வரும். அதையே ‘பங்கெடுக்க வேண்டும்’ என்று எழுத்துத் தமிழில் போட்டால் நோட்டீஸ் வாடை அடிக்கும். ‘கலந்துகொள்ளுங்கள்’ அல்லது ‘கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்’ என்று மாற்றுங்கள். ‘தாங்கள்’ மலையாள வியாபாரக் கடிதத்தில் இயல்பு. தமிழில் அது பிழையில்லை, சற்றே பழைய வாடை. ‘நீங்கள்’ போதும். கடிதம் முழுவதும் ஒன்றையே பயன்படுத்துங்கள். பாதியில் மாறினால் இரண்டு பேர் எழுதியது போலிருக்கும்.

‘கேடாயிட்டுண்டு’ என்பதும் இங்கே வரும். மலையாளத்தில் எந்தப் பொருள் பழுதானாலும் கேடுதான். தமிழில் பால் கெடும், பழம் கெடும். கால்மிதி சேதமாகும்.

## 6. மலையாளம் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லி, கேள்வி கேளுங்கள்

‘படித்துப் பாருங்கள், சரியாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லாத்தான் இருக்கு’ என்றே பதில் வரும். நம் மாதிரி வரைவுக்கும் அதே பதில்தான் வந்திருக்கும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதில் சொல்லியே ஆக வேண்டிய நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. யார் யாருக்குப் பணம் தரப்போகிறார்கள்?
2. எந்தத் தேதியில் என்ன நடக்கும்?
3. சேதத்துக்கு யார் பொறுப்பு?
4. இதைப் படித்துவிட்டு நீங்கள் செய்ய வேண்டிய காரியம் என்ன?

பதிலை மூலத்தோடு ஒப்பிடுவது உங்கள் வேலை. அவர் தவறாகச் சொன்னால் விளக்கம் சொல்லாதீர்கள், வாக்கியத்தைத் திருத்துங்கள். கடிதத்தோடு விளக்கம் சொல்ல நீங்கள் கோவைக்குப் போகப் போவதில்லை.

படிப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களும் பாலக்காட்டுத் தமிழர்களும் இந்த ஒரு வேலைக்கு ஒத்துவர மாட்டார்கள். இரு மொழியும் அறிந்ததால் மொழிபெயர்ப்பில் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், ஆனால் குமரித் தமிழில் குடிக்கும் தண்ணீரே வெள்ளம். மலையாளப் பொருள் அவர்கள் காதில் உறுத்தாது. மதுரைப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ உள்ளவரைக் கேளுங்கள்.

## 7. திருத்திய பின் முன்னும் பின்னும் உள்ள வாக்கியத்தைச் சேர்த்துப் படியுங்கள்

ஒரு சொல்லை மாற்றினால் அதோடு வந்த உருபும் மாற வேண்டும். ‘இயந்திரத்துக்குத் தொகையை முடக்கி’ என்பதில் முடக்கியை மட்டும் மாற்றி ‘இயந்திரத்துக்கு முதலீடு செய்து’ என்று விட்டால் நெருடும், ‘இயந்திரத்தில்’ என்று வர வேண்டும். திருத்தத்தில் பிறக்கும் புதுப் பிழைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. முடிந்த வடிவம்:

> வணக்கம். நீங்கள் திருப்பி அனுப்பிய சரக்கு எங்களுக்கு வந்து சேர்ந்தது. அதில் நான்கு கட்டுக் கால்மிதி நனைந்து சேதமாகியிருக்கிறது. இதற்கு லாரி நிறுவனமே பொறுப்பு. இதைப் பேசித் தீர்க்க வரும் புதன்கிழமை (தேதி) கூட்டம் நடக்கிறது. உங்களுக்கு வசதிப்பட்டால் நீங்களும் கலந்துகொள்ளுங்கள். புதிய இயந்திரத்தில் பெரிய தொகையை முதலீடு செய்திருப்பதால், உங்களுக்குச் சேர வேண்டிய மீதிப் பணத்தை ஒரு வாரம் கழித்து (தேதி) தருகிறோம். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

இரண்டு தேதிகளும் எழுதியவரிடமிருந்து வர வேண்டும். கேட்கும்போது ‘இது சரியா?’ என்று முழுக் கடிதத்தையும் அனுப்பாதீர்கள், அவருக்குத் தமிழ் தெரியாது. ‘மற்றந்நாள் என்றது புதன்கிழமைதானே? பணம் எந்தத் தேதியில் தருவீர்கள்?’ என்று, ஒரு சொல்லில் பதில் வரும்படி கேளுங்கள்.

இந்த அளவு கடிதத்துக்கு இந்தச் சோதனை போதும். ஒப்பந்தம், வழக்கறிஞர் நோட்டீஸ் போன்றவற்றுக்குப் போதாது. அங்கே பொறுப்பு, ஈடு, நட்டஈடு போன்ற சொற்களுக்குச் சட்டப் பொருள் உண்டு. சட்டம் தெரிந்தவர் பார்த்தாக வேண்டும்.

## 8. பிடித்த சொற்களுக்கு ஒரு பதிவேடு

நான்கு பத்தி போதும்: மலையாளச் சொல், கை தானாகப் போன தமிழ்ச் சொல், வர வேண்டிய சொல், எந்த வாக்கியத்தில் வந்தது. கடைசிப் பத்தியை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். ‘முடக்கி’க்கு எதிரே ‘முதலீடு’ என்று மட்டும் எழுதி வைத்தால், அடுத்த கடிதத்தில் ‘யாத்ர முடக்கி’ என்று வரும்போது ‘பயணத்தில் முதலீடு’ செய்துவிடுவீர்கள். அங்கே உண்மையிலேயே நின்றுபோனதுதான்.

அடுத்த முறை கடிதம் முடிந்ததும் பதிவேட்டின் இரண்டாவது பத்தியில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக Ctrl + F போட்டுத் தேடுங்கள். மலையாளச் சொல்லைத் தமிழ்க் கோப்பில் தேடிப் பயனில்லை. அங்கே உட்கார்ந்திருப்பது ஏமாற்றுத் தமிழ்ச் சொல்தான்.

## 9. தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போகும்போது

பதில் கடிதத்தை நீங்களே மலையாளத்தில் எழுத வேண்டி வந்தால் வரிசை அதேதான், ஆனால் 3-ஆம் படியை உங்களால் செய்ய முடியாது. மலையாளம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் காது தமிழ்க் காது. அந்தப் படியை மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் செய்யட்டும்.

வியாபாரக் கடிதத்தில் அதிகம் வழுக்கும் இடங்கள் மூன்று. ‘அவசரம்’ மலையாளத்தில் வாய்ப்பு. ‘அவசர ஆர்டர்’ என்பதை அப்படியே எழுதினால் அவசரம் போய்விடும், ‘அடியந்தரம்’ அல்லது ‘அத்யாவச்யம்’ என்று எழுதுங்கள். ‘கழிவு’ தமிழில் குப்பையும் ஆகும், வியாபாரத்தில் தள்ளிக்கொடுக்கும் தொகையும் ஆகும். மலையாளத்தில் கழிவு என்பது திறமை. ‘10 சதவீதம் கழிவு’ கேட்டால் உங்கள் திறமையைப் பற்றிய பேச்சாகிவிடும். தள்ளுபடிக்கு அங்கே ‘கிழிவு’, ஒரே ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு என்பதால் தட்டச்சிலும் பாருங்கள். ‘வட்டி’ மலையாளத்தில் கூடை. கடனுக்குக் கொடுப்பது ‘பலிச’.

முன்னிலையிலும் ஒன்று. தமிழில் ‘நீங்கள்’ முழு மரியாதை. மலையாளத்தில் ‘நிங்ஙள்’ என்று முன்பின் அறியாத வாடிக்கையாளருக்கு எழுதினால் சற்றுக் கடுமையாகப் படும். ‘தாங்கள்’ என்று எழுதுங்கள், அல்லது முன்னிலைச் சொல்லே வராமல் ‘ஸார்’ என்று அழைத்து வாக்கியத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ‘விவரம் அறியிக்குமல்லோ’ என்று முடித்தால் ‘தெரிவிப்பீர்கள் என்று நம்புகிறோம்’ என்ற பணிவு அதிலேயே வந்துவிடும்.